சக்கரம் எங்கே நிற்கிறது? எட்டு வரி அட்டவணையில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்

விலை குறைந்த மின்சார ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் பெரும்பாலும் சங்கிலியும் இருக்காது, பெல்ட்டும் இருக்காது. சக்கரக் குடத்துக்குள்ளேயே மோட்டார் அடங்கியிருக்கும். அச்சின் ஓரத்திலிருந்து ஒரு கேபிள் வெளியே வரும். அதன் உறையை விலக்கினால் மஞ்சள், பச்சை, நீலம் என மூன்று தடித்த ஒயர்கள் தெரியும். கூடவே மெல்லிசாக ஐந்து ஒயர்கள்: சிவப்பு, கறுப்பு, மறுபடியும் ஒரு மஞ்சள், ஒரு பச்சை, ஒரு நீலம். தடித்த மூன்றில் போவது வண்டியை இழுக்கும் கரண்ட். மெல்லிய ஐந்தின் வேலை, சக்கரம் இந்த நொடியில் எந்த இடத்தில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது. அந்தச் செய்தி இல்லாவிட்டால் இந்த வகை வண்டி நின்ற இடத்திலிருந்து ஒழுங்காகக் கிளம்பாது.

மோட்டாருக்குத் தான் நிற்கும் இடம் எதற்குத் தெரிய வேண்டும்? பழைய வகை டிசி மோட்டாருக்கு இந்தக் கவலை இல்லை. அதில் சுருள்கள் சுழலும், காந்தம் அசையாமல் இருக்கும். சுழலும் தண்டில் செம்புத் துண்டுகளால் ஆன கம்யூட்டேட்டர் இருக்கும். அதன்மேல் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டிருக்கும். தண்டு திரும்பத் திரும்ப, பிரஷ்ஷின் அடியில் வேறு வேறு துண்டுகள் வரும். எந்தச் சுருளுக்குக் கரண்ட் போக வேண்டுமோ அது தானாகவே இணைந்துவிடும். அதாவது, இடத்தை அறிவதும் கரண்டை மாற்றிவிடுவதும் ஒரே உரசலில் முடிந்துவிடுகின்றன. அந்த உரசலுக்கு விலையாகப் பிரஷ் தேய்கிறது, தீப்பொறி பறக்கிறது, கரித்தூள் சேர்கிறது.

பிரஷ் இல்லாத மோட்டாரில் இந்த அமைப்பு தலைகீழ். சுருள்கள் அச்சோடு அசையாமல் இருக்கின்றன. காந்தங்கள் அவற்றைச் சூழ்ந்த வெளிக்கூட்டில் ஒட்டப்பட்டுச் சக்கரத்தோடு சுழல்கின்றன. உரசல் போயிற்று. ஆனால் உரசல் செய்துகொண்டிருந்த இரண்டு வேலைகளையும் இனி வேறு யாராவது செய்தாக வேண்டும். இடத்தை அறிவது மூன்று ஹால் சென்சார்களின் வேலை. கரண்டை மாற்றுவது ஆறு மின்னணு சுவிட்சுகளின் வேலை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எட்டே வரிகள் கொண்ட ஓர் அட்டவணை.

ஆறு வழிகள் மட்டுமே

முதலில் சுவிட்சுகளைப் பார்ப்போம். ஒவ்வொரு தடித்த ஒயருக்கும் கன்ட்ரோலருக்குள் இரண்டு மாஸ்ஃபெட்கள் உண்டு. மேலே இருப்பது அந்த ஒயரை பேட்டரியின் பாசிட்டிவோடு இணைக்கும். கீழே இருப்பது நெகட்டிவோடு இணைக்கும். மூன்று ஒயர், ஆறு மாஸ்ஃபெட். இவை மூன்றும் மோட்டாருக்குள் மூன்று சுருள்களின் முனைகள். சுருள்களின் மறுமுனைகள் உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

ஒரு நேரத்தில் ஓர் ஒயரை பாசிட்டிவுக்கும், இன்னொன்றை நெகட்டிவுக்கும் கொடுத்து, மூன்றாவதைச் சும்மா விட்டுவிடுவதுதான் முறை. பாசிட்டிவுக்கு மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்; நெகட்டிவுக்கு மீதமுள்ள இரண்டில் ஒன்று. ஆக, மொத்தம் ஆறு வழிகள். ஒவ்வொரு வழிக்கும் சுருள்கள் உண்டாக்கும் காந்தப்புலம் ஒவ்வொரு திசையில் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு திசைகளுக்கு இடையே 60 பாகை. ஆறையும் முறையாக மாற்றினால் புலம் ஒரு முழுச் சுற்று வரும். ஆறு படி கம்யூட்டேஷன் என்று இதற்குப் பெயர்.

வெளிக்கூட்டின் காந்தங்கள் அந்தப் புலத்தோடு நேராகிவிடத் துடிக்கும். முழுக்க நேராகிவிட்டால் அங்கேயே நின்றுவிடும், இழுவை பூஜ்யம். புலம் காந்தத்துக்கு 90 பாகை முன்னால் இருக்கும்போதுதான் இழுவை உச்சத்தில் இருக்கும். நம்மிடம் ஆறு திசைகள்தான் இருப்பதால் எப்போதும் சரியாக 90-இல் வைக்க முடியாது. ஒரு படி தொடங்கும்போது இடைவெளி 120 பாகை. சக்கரம் நகர நகர அது குறைந்து 60-க்கு வரும். அந்தக் கணத்தில் அடுத்த படிக்கு மாற்றினால் மறுபடியும் 120. இப்படி 90-ஐ நடுவில் வைத்து ஊசலாடும்போது இழுவை உச்சத்திலிருந்து அதிகம் போனால் 13 சதவீதம்தான் குறைகிறது. ஆறே படிகளை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடிவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால், மாற்ற வேண்டிய அந்தக் கணத்தைத் தவறவிடக் கூடாது. படியை மாற்றாமல் விட்டால் இடைவெளி 60-லிருந்து பூஜ்யத்தை நோக்கிச் சரியும், இழுவை வடிந்துவிடும். அந்தக் கணத்தை அறிவிப்பதுதான் ஹால் சென்சார்.

மூன்று சென்சார், எட்டு எண்கள்

கரண்ட் ஓடும் உலோகத்தகட்டின் அருகே காந்தத்தைக் கொண்டுவந்தால் தகட்டின் பக்கவாட்டில் சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று 1879-இல் அமெரிக்காவில் எட்வின் ஹால் கண்டறிந்தார். அவர் பெயரைத் தாங்கிய இன்றைய சென்சார் மூன்று கால் உள்ள ஒரு சிறு கறுப்புச் சில்லு. சுருள்கள் சுற்றப்பட்ட இரும்பின் பள்ளங்களில் மூன்று சில்லுகளை ஒட்டி வைத்திருப்பார்கள். காந்தத்தின் ஒரு முனை எதிரே வந்தால் 1 என்கும்; எதிர்முனை வந்தால் 0 என்கும்; எதுவும் புதிதாக வராதவரை கடைசியாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். மெல்லிய ஒயர்களில் சிவப்பும் கறுப்பும் இவற்றுக்கான 5 வோல்ட் சப்ளை. மற்ற மூன்றும் பதில் சொல்லும் ஒயர்கள்.

மூன்று சென்சார்களும் ஒன்றுக்கொன்று 120 மின்பாகை தள்ளி இருக்கும். மின்பாகை என்பது ஒரு வடமுனை, ஒரு தென்முனை கடந்தால் 360 என்று எண்ணும் கணக்கு. மஞ்சளின் பதிலை 4-ஆலும் பச்சையினுடையதை 2-ஆலும் நீலத்தினுடையதை 1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 0 முதல் 7 வரை ஓர் எண் கிடைக்கும். சக்கரம் முன்னே சுழலும்போது இந்த எண் 5, 4, 6, 2, 3, 1 என்று மாறி மீண்டும் 5-க்கு வரும். வரிசை தாறுமாறாகத் தெரிந்தாலும், அதன் உள்ளே ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரே ஒரு சென்சார்தான் தன் பதிலை மாற்றுகிறது. அதனால் எல்லையில் ஒரு சென்சார் தடுமாறினாலும் பக்கத்துப் படிக்குத்தான் தவறு போகும், தொலைவுக்குப் போகாது.

0-உம் 7-உம் இந்த வரிசையில் வருவதே இல்லை. மூன்று சென்சார்களும் ஒரே நேரத்தில் ஒரே பதிலைச் சொல்ல இந்த அமைப்பில் வாய்ப்பில்லை. வந்தால், எங்கோ கோளாறு என்று பொருள்.

இனி அட்டவணை. கன்ட்ரோலரின் நினைவில் அது இப்படி இருக்கும். ஒவ்வொரு வரியிலும் உள்ள ஆறு இலக்கங்கள் ஆறு மாஸ்ஃபெட்களுக்கானவை: மஞ்சளின் மேல், கீழ், பச்சையின் மேல், கீழ், நீலத்தின் மேல், கீழ்.

```c
const uint8_t step[8] = {
  0b000000,  // 0: செல்லாது
  0b000110,  // 1: நீலம் +, பச்சை -
  0b011000,  // 2: பச்சை +, மஞ்சள் -
  0b010010,  // 3: நீலம் +, மஞ்சள் -
  0b100001,  // 4: மஞ்சள் +, நீலம் -
  0b100100,  // 5: மஞ்சள் +, பச்சை -
  0b001001,  // 6: பச்சை +, நீலம் -
  0b000000   // 7: செல்லாது
};

drive(step[hall]);      // முன்னே
drive(step[7 - hall]);  // பின்னே
```

கன்ட்ரோலர் கோணம் எதையும் கணக்கிடுவதில்லை. ஏழெட்டு என்ன என்று கேட்டால் வாய்ப்பாடு மனப்பாடமான பிள்ளை உடனே சொல்வதுபோல, 4 என்ற எண் வந்தால் மஞ்சளுக்கு பாசிட்டிவ், நீலத்துக்கு நெகட்டிவ், அவ்வளவுதான். ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகுகிறோம் என்பதற்கும் இந்த அட்டவணைக்கும் தொடர்பில்லை. தேர்ந்தெடுத்த மாஸ்ஃபெட்டை நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, அதில் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் ஆக்சிலேட்டரின் வேலை.

அட்டவணையைச் சரிபார்க்க மூன்று எளிய சோதனைகள் உண்டு. எந்த வரியிலும் ஒரே நிறத்தின் மேல், கீழ் இரண்டும் 1 ஆக இருக்கக் கூடாது. இருந்தால் பேட்டரியின் இரு முனைகளும் நேரடியாக ஷார்ட் ஆகி மாஸ்ஃபெட் வெடிக்கும். அடுத்து, 5, 4, 6, 2, 3, 1 என்ற வரிசையில் படித்துப் பார்த்தால் ஒவ்வொரு நிறமும் இரண்டு படி பாசிட்டிவில் இருந்து, ஒரு படி சும்மா இருந்து, இரண்டு படி நெகட்டிவில் இருந்து, மறுபடி ஒரு படி சும்மா இருக்க வேண்டும். எந்த ஒயரும் பாசிட்டிவிலிருந்து நேரே நெகட்டிவுக்குத் தாவக் கூடாது. மூன்றாவது, எண்ணையும் 7-லிருந்து அதைக் கழித்தால் வருவதையும் ஒப்பிட வேண்டும். 5-க்கு மஞ்சள் பாசிட்டிவ், பச்சை நெகட்டிவ். 2-க்கு அதன் நேர் எதிர். பின்னோக்கி ஓட்டத் தனி அட்டவணை தேவைப்படாததன் காரணம் இதுதான்.

ஒரு படிக்கு ஒரு சென்டிமீட்டர் சாலை

இந்தியாவில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு மிகாத மின்சார இருசக்கர வண்டிக்குப் பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. அப்படி ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் ஹப் மோட்டாரில் 46 காந்தத் துண்டுகள் என்று வைப்போம். இந்த எண்ணிக்கை சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பதுதான். 46 துண்டுகள் என்றால் 23 வட-தென் ஜோடிகள். ஒரு ஜோடி கடக்க ஆறு படி. ஆகவே சக்கரம் ஒரு முறை சுற்ற 138 படிகள்.

10 அங்குல ரிம்மில் 90/100 டயர் போட்டால் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.36 மீட்டர். அதை 138-ஆல் வகுத்தால் ஒரு படிக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் சாலை. சக்கரம் எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குத் தெரிவது அந்த ஒரு சென்டிமீட்டர் நுட்பத்தில்தான். 25 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 700 படிகள். ஒரு படிக்கு 1.4 மில்லிசெகண்ட். மிகச் சாதாரணமான மைக்ரோகன்ட்ரோலருக்குக்கூட இது தாராளமான நேரம்.

தள்ளினால்தான் கிளம்பும் வண்டி

இப்போது ஒரு கோளாறை இந்தக் கணக்கிலேயே பின்தொடர்ந்து பார்க்கலாம். மழையில் அச்சின் துளை வழியே தண்ணீர் இறங்குகிறது; அல்லது அச்சின் விளிம்பில் உரசி மெல்லிய மஞ்சள் ஒயர் அறுந்துவிடுகிறது. ஹால் சென்சாருக்குத் தானாக 5 வோல்ட்டை வெளியிடும் சக்தி கிடையாது. ஒயரைக் கீழே இழுத்து 0 ஆக்க மட்டுமே தெரியும். 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிப்பது கன்ட்ரோலருக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர். எனவே ஒயர் அறுந்தால் கன்ட்ரோலர் மஞ்சளை எப்போதும் 1 என்றே படிக்கும்.

சரியான வரிசை 5, 4, 6, 2, 3, 1. மஞ்சள் எப்போதும் 1 என்றால் 4-க்குக் குறைந்த எண்கள் எல்லாவற்றிலும் 4 கூடிவிடும். கன்ட்ரோலர் பார்ப்பது 5, 4, 6, 6, 7, 5. முதல் மூன்று படிகளில் தவறில்லை. இழுவை முழுதாகக் கிடைக்கும். நான்காவது படியில் புலம் முந்தைய திசையிலேயே நின்றுவிடுவதால் இழுவை தேய்ந்து பூஜ்யத்துக்கு வரும். ஐந்தாவதில் 7 வருகிறது. எல்லா மாஸ்ஃபெட்டும் மூடிவிடும், இழுவையே இல்லை. ஆறாவதில் புலம் ஒரு படி முந்திக்கொள்வதால் இழுவை பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறும்.

சாலைக் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு ஆறு சென்டிமீட்டரிலும் ஒரு சென்டிமீட்டர் முழுச் செத்த இடம். அதன் இருபுறமும் பலவீனமான இடம். சிக்னலில் வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்பது அதிர்ஷ்டம். நல்ல இடத்தில் நின்றால் கிளம்பிவிடும். செத்த இடத்தில் நின்றால் எவ்வளவு திருகினாலும் அசையாது. காலால் தரையை உந்தி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்தினால் உதறிக்கொண்டு ஓடும். வேகம் பிடித்துவிட்டால் வண்டியின் உந்தமே செத்த இடத்தைத் தாண்டவைக்கும். கரகரப்பும் அதிர்வும் மட்டும் மிஞ்சும். கவனமாக எழுதப்பட்ட கன்ட்ரோலர், 7-ஐப் பார்த்ததுமே பிழை காட்டி வண்டியை ஓட்ட மறுத்துவிடும்.

கண்டுபிடிக்க மல்டிமீட்டர் ஒன்று போதும். ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, சாவியைத் திருப்பி வைத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல், கறுப்பு ஒயருக்கும் ஒவ்வொரு பதில் ஒயருக்கும் இடையே மின்னழுத்தம் பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பும்போது ஏறக்குறைய 5 வோல்ட்டும் பூஜ்யமும் மாறி மாறி வந்தால் அந்தச் சென்சார் நலம். ஒன்று மட்டும் 5-லேயே நின்றால் அதன் ஒயரோ சென்சாரோ போய்விட்டது. 0-விலேயே நின்றால் சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது ஒயர் கறுப்பைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். மூன்றும் சேர்ந்தாற்போல் 5-லேயே நின்றால் சந்தேகப்பட வேண்டியது சென்சார்களுக்குப் போகும் சப்ளை ஒயர்களை. புதுச் சென்சார் ஒட்டும்போது பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமே பார்க்க வேண்டும். திருப்பி ஒட்டினால் அதன் 1-உம் 0-உம் இடம் மாறிவிடும்; அப்போது 0, 7 இரண்டுமே தலைகாட்டும்.

தள்ளினால்தான் ஓடும் என்ற இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. சொந்தமாகக் கன்ட்ரோலர் செய்து பார்க்கும் மாணவர்கள் அதில்தான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். ஹால் எண் மாறும்போதெல்லாம் அட்டவணையைப் பார் என்று புரோகிராம் எழுதியிருப்பார்கள். நிற்கும் சக்கரத்தில் எண் மாறாது. எண் மாறாததால் அட்டவணை பார்க்கப்படாது. பார்க்கப்படாததால் சக்கரம் நகராது. கிளம்பும்போது ஒரு முறை எண்ணைத் தானாகவே படிக்கச் சொல்லும் ஒரு வரி இதைத் தீர்த்துவிடும். இரண்டையும் பிரித்தறிவது எளிது: சில நேரம் மட்டும் தள்ள வேண்டியிருந்தால் சென்சாரைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் தள்ள வேண்டியிருந்தால் புரோகிராமைப் பார்க்க வேண்டும்.

நிறத்தை நம்பினால்

கன்ட்ரோலர் பழுதாகி வேறொன்று வாங்கிப் பொருத்தும்போது, மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குப் பச்சை என்று இணைத்தால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் எந்த நிறம் எந்தச் சுருள் என்பதில் எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவான ஒரே வழக்கம் இல்லை. தடித்த மூன்றை ஆறு விதமாக இணைக்கலாம். மெல்லிய மூன்றையும் ஆறு விதமாக. மொத்தம் 36. அவற்றில் சரியானவை ஆறே ஆறு: மூன்றில் வண்டி முன்னே போகும், மூன்றில் பின்னே போகும். மீதி 30-இல் மோட்டார் உறுமும், அதிரும், அல்லது பலவீனமாக எதிர்த்திசையில் சுழலும்.

36-ஐயும் முயல வேண்டியதில்லை. மெல்லிய ஒயர்களை ஏதாவதொரு வரிசையில் வைத்துவிட்டு, தடித்தவற்றின் ஆறு வரிசைகளையும் பார்த்தால் அவற்றில் ஒன்று, ஒன்றே ஒன்று, சரியாக அமையும். அது பின்னோக்கிச் சுற்றினால் மெல்லியவற்றில் ஏதேனும் இரண்டை மாற்றிவிட்டு, தடித்தவற்றை மீண்டும் முயல வேண்டும். சுற்றுவதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. தரையில் படாமல் சுழலும் சக்கரம் தவறான இணைப்பிலும் சுற்றக்கூடும். கரண்ட்டை அளந்தால் குட்டு வெளிப்படும்: சரியான இணைப்பில் சுமையில்லாத மோட்டார் மிகக் குறைந்த கரண்ட்டில் சத்தமின்றிச் சுழலும், தவறானதில் அதைப்போலப் பல மடங்கு இழுத்துச் சூடேறும். அதனால் ஒவ்வொரு முயற்சியிலும் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டுப் பார்த்து உடனே விட வேண்டும்.

எங்கே போதாமல் போகிறது

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. 23 ஜோடி உள்ள மோட்டாரில் சென்சார் ஒட்டிய இடம் ஒரே ஒரு பாகை பிசகினால், மின்கணக்கில் அது 23 பாகை. 60 பாகை நீளமுள்ள ஒரு படியில் இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். படிகள் சில நீண்டும் சில குறுகியும் போய், மோட்டார் சீராக இல்லாமல் குமுறும்.

இன்னொன்று, மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாகத் திருகி வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம். சக்கரம் நகராததால் படி மாறாது. ஆறு மாஸ்ஃபெட்களில் அந்தப் படிக்குரிய மேல் ஒன்றும் கீழ் ஒன்றும் உள்ள அதே ஜோடிதான் நெடுநேரம் சுமையைத் தாங்க வேண்டும். சூடு முழுவதும் அங்கேயே குவியும். ஓடும்போது ஆறுக்கும் பங்கு பிரியும் சுமை இது. ஹப் மோட்டார் கன்ட்ரோலர்கள் மேட்டில் கருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சத்தமும் ஓர் எல்லைதான். புலம் 60 பாகை தாவித் தாவிப் போவதால் கிளம்பும்போது மெல்லிய முறுமுறுப்பு கேட்கும். விலை கூடிய கன்ட்ரோலர்கள் மூன்று ஒயர்களுக்கும் ஒரே நேரத்தில், அலைபோல ஏறி இறங்கும் கரண்ட்டைக் கொடுத்துப் புலத்தைத் தாவாமல் வழுக்கிச் செல்லவைக்கின்றன. அதற்கு ஆறு இடங்களை அறிந்தால் போதாது. இடைப்பட்ட ஒவ்வொரு கோணமும் தெரிய வேண்டும். ஹால் சென்சார் மட்டுமே உள்ள மோட்டாரில், கடந்த படிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, இந்தப் படியில் இப்போது எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்று அவை ஊகிக்கின்றன. நிற்கும் சக்கரத்துக்குக் கடந்த படி என்று ஒன்று இல்லை. ஊகிக்க எதுவும் இல்லை. ஆகவே இத்தகைய கன்ட்ரோலர்களிலும் பல, முதல் சில சென்டிமீட்டர்களை ஆறு படி முறையிலேயே ஓட்டிவிட்டு, வேகம் பிடித்த பிறகே அலைக்கு மாறுகின்றன.